ஒரு ரூபாயில் எத்தனை காசு வந்து சேருகிறது: இரண்டு சரக்கு, ஒரு ரயில் பாதை, ராம்சே விலை

கேள்வி: ஒரே கம்பெனி இரண்டு பொருள் விற்கிறது. லாபமும் கூடாது, நட்டமும் கூடாது என்று ஒழுங்குமுறை ஆணையம் சொல்லிவிட்டது. தேவை நெகிழ்ச்சி குறைந்த பொருளுக்கு விலையை அதிகம் ஏற்று என்கிறது ராம்சே விதி. சூத்திரத்தில் வரும் அந்த k எங்கிருந்து வருகிறது? வேறு வழியில்லாதவனிடம் அதிகம் வாங்குவது எந்த ஊர் நியாயம்? எண்களோடு யாராவது விளக்க முடியுமா?

பதில்:

சூத்திரத்தைக் கொஞ்ச நேரம் ஓரமாக வையுங்கள். அதிலிருந்து தொடங்கினால் "மாட்டிக்கொண்டவனைப் பிழி" என்று சொல்வதுபோலத்தான் தெரியும். பணம் எங்கே ஒழுகுகிறது என்பதிலிருந்து தொடங்கினால் சூத்திரம் தானாக வந்துவிடும்.

ஒரு கற்பனை ரயில் பாதையை எடுத்துக்கொள்வோம். அதில் இரண்டே சரக்கு போகிறது. ஒன்று நிலக்கரி, இன்னொன்று துணி, சோப்பு, மளிகை போன்ற பொதுச் சரக்கு. எந்தச் சரக்கானாலும் கூடுதலாக ஒரு டன் ஏற்றிப்போக 100 ரூபாய் ஆகிறது. டீசல், ஆள் கூலி, வண்டித் தேய்மானம் எல்லாம் சேர்த்து இதுதான் இறுதிநிலைச் செலவு. தண்டவாளம், பாலம், சிக்னல் இவற்றுக்கு, வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும், நாளுக்கு 27,110 ரூபாய் மாறாச் செலவு. இதென்ன கோணல் எண் என்று கேட்பீர்கள். விடை சுத்தமாக வர வேண்டும் என்பதற்காகப் பின்னாலிருந்து போட்ட கணக்கு, அவ்வளவுதான்.

டன்னுக்கு 100 ரூபாய் விலை வைத்தால் இரண்டு சரக்கிலும் நாளுக்கு 1,000 டன் வரும் என்று வைத்துக்கொள்வோம். நிலக்கரியின் நெகிழ்ச்சி 0.5. அனல்மின் நிலையம் தண்டவாளத்தின் ஓரத்திலேயே உட்கார்ந்திருக்கிறது, விலை 1 சதவீதம் ஏறினால் அரை சதவீதம் சரக்குதான் குறையும். பொதுச் சரக்கின் நெகிழ்ச்சி 2. பக்கத்திலேயே நெடுஞ்சாலை, லாரி ரெடியாக நிற்கிறது, 1 சதவீதம் ஏற்றினால் 2 சதவீதம் போய்விடும். எந்த விலையிலும் இந்த நெகிழ்ச்சிகள் மாறாது என்றும், ஒரு சரக்கின் விலை மற்றதன் தேவையைத் தொடாது என்றும் இப்போதைக்கு வைத்துக்கொள்கிறேன்.

100 ரூபாய்க்கு விற்றால் ஓட்டும் செலவு வந்துவிடும், தண்டவாளச் செலவு 27,110 அப்படியே துண்டு விழும். அரசு மானியம் கிடையாது. ஆக விலை 100க்கு மேலே போயாக வேண்டும். யாருக்கு எவ்வளவு என்பதுதான் கேள்வி.

எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி, டன் கணக்கில் பங்கிடுவது. 27,110ஐ 2,000 டன்னால் வகுத்தால் டன்னுக்கு 13 ரூபாய் 56 காசு. ஆனால் அந்த விலையை வைத்ததும் சரக்கு குறைகிறது, குறைந்த டன்னுக்கு மறுபடி பங்கிட வேண்டும், மறுபடி விலை ஏறும். சுற்றிச் சுற்றி வந்து டன்னுக்கு 16.26 ரூபாய் கூடுதலில், அதாவது 116.26 ரூபாய் விலையில், கணக்கு நிற்கிறது. அப்போது நிலக்கரி 927 டன், பொதுச் சரக்கு 740 டன். வரவும் செலவும் சரி. பார்க்க நியாயமாகவும் இருக்கிறது. ஆனால் கால்வாசிக்கும் மேல் பொதுச் சரக்கு ரயிலை விட்டுப் போய்விட்டது. 100 ரூபாய் செலவில் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கக்கூடிய சரக்கு அது.

இப்போது இந்த 116.26 ரூபாயில் நின்றுகொண்டு ஒரு சோதனை செய்வோம். நிலக்கரி வாடிக்கையாளர்களிடமிருந்து இன்னும் ஒரு ரூபாய் கூடுதலாக வரும்படி விலையைத் துளி ஏற்றுகிறோம். அந்த ஒரு ரூபாயும் கம்பெனிக்கு வந்து சேருமா? சேராது. விலை ஏறியதால் சிலர் சரக்கைக் குறைப்பார்கள், குறைந்த டன்னில் கிடைத்துக்கொண்டிருந்த மார்ஜின் போய்விடும். ஒழுகுவது எவ்வளவு என்று பார்க்க, மார்ஜின் விலையில் எத்தனை பங்கு என்பதை நெகிழ்ச்சியால் பெருக்கினால் போதும். 116.26இல் மார்ஜின் 16.26, ஏறக்குறைய 14 சதவீதம். நிலக்கரிக்கு 0.14 × 0.5, அதாவது 7 காசு ஒழுகுகிறது, 93 காசு வந்து சேருகிறது. பொதுச் சரக்குக்கு 0.14 × 2, அதாவது 28 காசு ஒழுகுகிறது, 72 காசுதான் சேருகிறது.

ராம்சே விதியின் உயிர் இந்த 93க்கும் 72க்கும் நடுவில்தான் இருக்கிறது. பொதுச் சரக்குக்காரரிடம் ஒரு ரூபாய் விட்டுக்கொடுத்தால் கம்பெனிக்கு 72 காசுதான் குறையும். அந்த 72 காசை நிலக்கரிக்காரரிடமிருந்து எடுக்க அவருக்கு 77 காசுதான் வலிக்கும். ஒருவருக்கு ஒரு ரூபாய் மிச்சம், இன்னொருவருக்கு 77 காசு நட்டம், கம்பெனி அதே இடத்தில். மீதி 23 காசு எங்கிருந்தோ முளைக்கவில்லை, வீணாகிக்கொண்டிருந்தது நின்றுவிட்டது. ஆகவே சுமையைக் கொஞ்சம் கொஞ்சமாக நிலக்கரிப் பக்கம் தள்ளிக்கொண்டே போகலாம். தள்ளத் தள்ள நிலக்கரியில் ஒழுகுவது கூடும், பொதுச் சரக்கில் ஒழுகுவது குறையும். இரண்டும் ஒரே அளவு ஒழுகும் இடத்தில் நிறுத்த வேண்டும். அந்தப் பொதுவான ஒழுகல்தான் நீங்கள் கேட்ட k.

```
(p − c) / p = k / ε
```

இதில் p விலை, c இறுதிநிலைச் செலவு, ε நெகிழ்ச்சி. மார்ஜினின் பங்கை நெகிழ்ச்சியால் பெருக்கினால் எல்லாப் பொருளுக்கும் ஒரே k வர வேண்டும் என்பதைத்தான் இது திருப்பிப் போட்டுச் சொல்கிறது. k சுழியாக இருந்தால் இறுதிநிலைச் செலவு விலை. k ஒன்றாக இருந்தால் கட்டுப்பாடு இல்லாத முற்றுரிமையாளரின் விலை, ஏனென்றால் அவர் இனி ஒரு காசுகூடத் தேறாது என்கிற வரை ஏற்றுவார். ஒழுங்குபடுத்தப்பட்ட கம்பெனி நடுவில் எங்கோ நிற்கும். எங்கே என்பதை மாறாச் செலவு தீர்மானிக்கிறது. k என்பது யாரும் மேலிருந்து தேர்ந்தெடுக்கும் எண் இல்லை, 27,110ஐ நிரப்பும் வரை தேடிக் கண்டுபிடிக்கும் எண்.

தேடிப் பார்ப்போம். k = 0.05 என்று வைத்தால் நிலக்கரியின் மார்ஜின் விலையில் 10 சதவீதம், விலை 111.11. பொதுச் சரக்குக்கு 2.5 சதவீதம், விலை 102.56. இரண்டிலும் சேர்த்துக் கிடைப்பது சுமார் 12,980 ரூபாய். போதாது. k = 0.15 என்றால் விலைகள் 142.86, 108.11, கிடைப்பது சுமார் 42,800. மிக அதிகம், ஆணையம் விடாது. k = 0.10 வைத்தால் நிலக்கரிக்கு 20 சதவீதம், விலை 125. பொதுச் சரக்குக்கு 5 சதவீதம், விலை 105.26. நிலக்கரி 894 டன் போகிறது, 22,360 ரூபாய் தருகிறது. பொதுச் சரக்கு 902.5 டன் போகிறது, 4,750 தருகிறது. கூட்டினால் 27,110.

டன் அளவுகளைக் கவனியுங்கள். 1,000 டன்னிலிருந்து ஒன்று 10.6 சதவீதம் குறைந்திருக்கிறது, மற்றது 9.75 சதவீதம். கிட்டத்தட்ட ஒரே விகிதம். ஃபிராங்க் ராம்சே 1927இல் எழுதிய கட்டுரையின் முடிவே இதுதான். அவர் விலையைப் பற்றி எழுதவில்லை, வரியைப் பற்றி எழுதினார். கேம்பிரிட்ஜில் பொருளியல் பேராசிரியர் பிகூ அவரிடம் கேட்ட கேள்வி அது: இத்தனை வருவாய் வேண்டும், எந்தப் பொருளுக்கு எவ்வளவு வரி போட்டால் சேதம் குறைவு? எல்லாப் பொருளின் அளவும் ஒரே விகிதத்தில் குறையும்படி போடு என்பது பதில். அப்போது ராம்சேவுக்கு வயது 24. 26 வயதில் இறந்துபோனார். வரி என்ற இடத்தில் மார்ஜின் என்று போட்டு, கம்பெனியின் வரவு செலவுக் கட்டுப்பாட்டுக்குப் பொருத்தியவர் பிரான்ஸின் அரசு மின்சார நிறுவனத்தில் இருந்த மார்செல் புவாத்தோ, 1956இல். அதனால்தான் பல பாடநூல்களில் இதற்கு ராம்சே–புவாத்தோ விலை என்று பெயர்.

இந்த ஒரே விகிதம் நல்ல சரிபார்ப்பும்கூட. மார்ஜின் சிறிதாக இருக்கும் வரை, யாராவது ராம்சே விலை என்று ஒரு அட்டவணையைக் காட்டி, அதில் ஒரு சரக்கு 3 சதவீதமும் மற்றது 30 சதவீதமும் குறைந்திருந்தால் எங்கோ கணக்கு தப்பு. மார்ஜின் பெருக்கப் பெருக்க இந்த நெருக்கம் தளர்ந்துபோகும், அப்போது நேராக k இரண்டிலும் ஒன்றா என்றுதான் பார்க்க வேண்டும்.

அப்புறம், பலர் செய்யும் தவறு ஒன்று. நிலக்கரிதான் ஓடாது என்றால் முழுச் சுமையையும் அதன் தலையிலேயே வைத்துவிடலாமே, பொதுச் சரக்கை 100 ரூபாய்க்கே விடலாமே? வைத்துப் பாருங்கள். நிலக்கரியின் விலை சுமார் 131 ரூபாய் ஆகும். அந்த இடத்தில் நிலக்கரியில் ஒழுகுவது 12 காசு, பொதுச் சரக்கில் சுழியம். மார்ஜினே இல்லாத பொருளில் முதல் சில ரூபாயை ஏற்றும்போது ஏறக்குறைய ஒன்றுமே ஒழுகாது, அந்த மலிவான பணத்தை எடுக்காமல் விட்டுவிட்டோம். யாருக்கும் போய்ச் சேராமல் வீணாவதைக் கணக்குப் போட்டால் சமப் பங்கில் நாளுக்கு 2,524 ரூபாய், முழுக்க நிலக்கரி மேல் வைத்தால் 1,829, ராம்சே விலையில் 1,496. நெகிழ்ச்சி எவ்வளவு அதிகமானாலும் முடிவில்லாததாக இல்லாத வரை அந்தப் பொருளும் கொஞ்சமாவது சுமந்தாக வேண்டும்.

சரி, நியாயத்துக்கு வருவோம். உங்கள் கேள்வியில் எனக்குப் பிடித்த பகுதி அதுதான். மேலே சொன்ன எண்களிலேயே பதிலின் பாதி இருக்கிறது. சமப் பங்கிலிருந்து ராம்சே விலைக்கு மாறினால் வீணாவது 1,028 ரூபாய் குறைகிறது. ஆனால் அது யார் பையிலிருந்து யார் பைக்குப் போய் நிகரமாக வந்தது? நுகர்வோர் உபரி என்பது வாங்குபவர் தரத் தயாராக இருந்த தொகைக்கும் உண்மையில் தந்த தொகைக்கும் உள்ள வித்தியாசம். விலை உயர்வால் நிலக்கரிக்காரர்கள் இழந்த நுகர்வோர் உபரி 15,648இலிருந்து 23,607 ஆக ஏறுகிறது. பொதுச் சரக்குக்காரர்களின் இழப்பு 13,986இலிருந்து 5,000 ஆகக் குறைகிறது. ஒருவருக்கு ஏறக்குறைய 8,000 நட்டம், மற்றவருக்கு 9,000 லாபம். 1,028 ரூபாயைச் சேமிக்க அதன் எட்டு மடங்கு பணத்தை இடம் மாற்றுகிறோம். ராம்சே விதி அந்த 8,000த்தைப் பார்ப்பதில்லை. யார் பையில் இருந்தாலும் ரூபாய் ரூபாய்தான் என்று வைத்துக்கொண்டு பிறந்த விதி அது.

நிலக்கரிக்காரர் ஒரு பெரிய மின் கம்பெனி என்றால் இது பெரிய விஷயமில்லை என்று ஒருவர் சொல்லலாம், அந்தக் கட்டணம் கடைசியில் வீட்டு மின் பில்லில்தான் வரும் என்று மற்றவர் சொல்லலாம். குடிநீர் மாதிரி ஏழை வீட்டிலும் தவிர்க்க முடியாத பொருளில் நெகிழ்ச்சி குறைவாகத்தான் இருக்கும், அங்கே இந்த விதியை அப்படியே வைப்பது என் கணக்கில் தப்பு. ஒவ்வொரு பொருளையும் யார் வாங்குகிறார்கள் என்று பார்த்து அவர்களின் ரூபாய்க்கு எடை போட்டு விதியைத் திருத்தலாம், அப்படித் திருத்திய வடிவங்கள் உண்டு. ஆனால் அந்த எடையை யார் போடுவது என்பது பொருளியல் சொல்லித்தரும் விஷயமல்ல.

இன்னொரு வகை நியாயம் இருக்கிறது. அதை நீதிமன்றத்திலும் ஆணையத்திலும் வாதாட முடியும் என்பதால் நடைமுறையில் அதுதான் வலுவானது. நிலக்கரிக்காரர் இப்படிக் கேட்கலாம்: "என் சரக்குக்கு மட்டும் தனியாக ஒரு பாதை போட்டால் எவ்வளவு ஆகும்?" பொதுச் சரக்குக்கு வேண்டிய கிடங்கு, வேகமான வண்டிக்கான சிக்னல் எல்லாம் இல்லாமல், நிலக்கரிக்கு மட்டுமான பாதைக்கு மாறாச் செலவு நாளுக்கு 20,000 என்று வையுங்கள். ராம்சே விலையில் அவர் தருவது 22,360. தனியாகப் போனால் ஆவதைவிடக் கூடுதலாக 2,360 கொடுத்து மற்றவர் சுமையையும் தூக்குகிறார். ராம்சே விலை இந்தத் தனிப்பாதைச் சோதனையில் தானாகத் தேறிவிடும் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது. ஒன்றில் தேறியது மற்றதில் தோற்கலாம்.

இது வெறும் வகுப்பறைக் கணக்கு இல்லை. அமெரிக்க ரயில் கட்டணத்தின் கதையே இதுதான். அங்கே 1887இல் தொடங்கப்பட்ட மாநிலங்களுக்கிடை வணிக ஆணையத்தின் காலத்தில், விலை உயர்ந்த தயாரிப்புப் பொருள்களுக்கு அதிகக் கட்டணமும் தானியம், நிலக்கரி போன்ற மொத்தச் சரக்குக்குக் குறைந்த கட்டணமும் என்று ஒரு முறை வேரூன்றியிருந்தது. லாரி இல்லாத காலத்தில் அது பெரிய தப்பும் இல்லை. 1,000 ரூபாய்ப் பொருளில் கட்டணம் சின்னப் பகுதி, ஏற்றினாலும் சரக்கு போகாது. லாரியும் நெடுஞ்சாலையும் வந்த பிறகு அதே தயாரிப்புப் பொருள்தான் முதலில் ஓடும் சரக்கு ஆனது. விதி மாறவில்லை, நெகிழ்ச்சி தலைகீழாக மாறியது, கட்டண அட்டவணை மட்டும் பழைய நெகிழ்ச்சியில் நின்றது. ரயில்கள் நல்ல சரக்கை இழந்தன, 1970இல் பென் சென்ட்ரல் என்ற பெரிய ரயில் கம்பெனி திவாலானது. நம் ஊர் ரயிலிலும் பயணிகள் கட்டணத்தில் விழும் துண்டைச் சரக்குக் கட்டணம் சுமக்கிறது, அந்தச் சரக்கில் லாரிக்குப் போகக்கூடியது போய்க்கொண்டிருக்கிறது. அதற்கு வேறு காரணங்களும் உண்டு, ஆனால் பொதுச் சரக்கில் 28 காசு ஒழுகிய கணக்கு ஞாபகத்துக்கு வராமல் போகாது.

1980இல் ஸ்டாகர்ஸ் சட்டம் வந்து ரயில்களுக்குப் பெரும்பாலும் விலைச் சுதந்திரம் கொடுத்தது. போட்டி இல்லாத இடத்தில் மாட்டிக்கொண்ட சரக்குக்கு மட்டும் பாதுகாப்பு வைத்தது. கட்டணம் மாறும் செலவின் 180 சதவீதத்துக்கு உள்ளே இருந்தால் ஆணையம் தலையிடவே முடியாது, மேலே போனால்தான் வழக்கு. அப்படி வழக்குப் போட்டவர்களில் முக்கியமானவர்கள் நிலக்கரி வாங்கும் மின் நிலையங்கள். மாட்டிக்கொண்டவரிடம் எவ்வளவு வாங்கலாம் என்று ஆணையம் பதில் சொல்லியாக வேண்டும். 1985இல் வெளியிட்ட நிலக்கரிக் கட்டண வழிகாட்டலில் அது சொன்னதன் சாரம் இது: மாறாச் செலவை டன் கணக்கில் பங்கிடுவது அர்த்தமற்றது, தேவையைப் பார்த்து வித்தியாசமாக விலை வைப்பதுதான் சரி, அதாவது ராம்சே சொன்னது கொள்கையாகச் சரி. ஆனால் ஒவ்வொரு சரக்குக்கும் ஒவ்வொரு தடத்துக்கும் நெகிழ்ச்சியும் இறுதிநிலைச் செலவும் கண்டுபிடித்து அந்தச் சூத்திரத்தில் போடுவது நடக்கிற காரியமில்லை. ஆகவே ரயில் கம்பெனியே வித்தியாசமாக விலை வைக்கட்டும், ஆனால் உச்சவரம்பு நான் மேலே சொன்ன தனிப்பாதைச் செலவு.

அந்தச் சோதனை எப்படி நடக்கிறது என்பதைக் கேட்டால் சிரிப்பு வரும். வழக்குப் போடுபவர் தன் நிலக்கரிக்காகக் காகிதத்தில் ஒரு முழு ரயில்வேயைக் கட்டிக் காட்ட வேண்டும். எத்தனை மைல் தண்டவாளம், எத்தனை பாலம், எத்தனை எஞ்சின், எவ்வளவு நிலம், எவ்வளவு வட்டி. எதிர்த்தரப்பு ஒவ்வொரு பாலத்தையும் தகராறு செய்யும். வருடக்கணக்கில் இழுக்கும், செலவும் அப்படி. ஆனாலும் நெகிழ்ச்சியைப் பற்றி சண்டை போடுவதைவிடப் பாலத்தைப் பற்றி சண்டை போடுவது மேல் என்பது ஆணையத்தின் முடிவு. பாலத்தையாவது எண்ணிப் பார்க்கலாம்.

நெகிழ்ச்சி ஏன் அவ்வளவு தொல்லை? அது ஒற்றை எண் இல்லை என்பதுதான் காரணம். மின் நிலையம் இந்த வருடம் எங்கும் போகாது. பத்து வருடத்தில் வேறு எரிபொருளுக்கு மாறும், பழைய நிலையத்தை மூடும். குறுகிய காலத்தில் 0.5 என்று அளந்தது நீண்ட காலத்தில் 1 ஆகலாம். நம் கணக்கில் அப்படி ஆனால் 125 ரூபாய் விலையில் நிலக்கரி 894 டன்னுக்குப் பதில் 800 டன்தான் வரும். கிடைப்பது 20,000, மொத்தம் 24,750, நாளுக்கு 2,360 துண்டு. அந்தத் துண்டை நிரப்ப ஆணையம் மறுபடி நிலக்கரி விலையையே ஏற்றினால் பிரச்சினை பெரிதாகும். இதைக் கண்டுபிடிக்கும் அறிகுறி எளிது: விலை ஏற்றிய வருடம் சரக்கு எதிர்பார்த்த அளவே குறைந்து, பிறகு விலை மாறாமலே ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்துகொண்டே போகும்.

இன்னொரு இடறல், இரண்டு பொருளும் ஒன்றுக்கொன்று மாற்றாக இருப்பது. சாதாரணத் தபாலும் விரைவுத் தபாலும் மாதிரி. ஒன்றின் விலை ஏறினால் ஓடுகிறவர் வெளியே போவதில்லை, பக்கத்துக் கவுன்டருக்கு வருகிறார். அங்கே அவர் தரும் மார்ஜின் ஒழுகியதில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிடும். அப்போது தனி நெகிழ்ச்சியை மட்டும் வைத்துப் போட்ட மார்ஜின் குறைவாகிவிடும். ஒழுகல் கணக்கு அப்போதும் அதேதான், பக்கத்துக் கவுன்டரில் வந்து சேருவதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

கடைசியாக, நெகிழ்ச்சியே தெரியாத ஆணையம் என்ன செய்யலாம் என்பது. 1979இல் ஃபோகெல்சாங், ஃபின்சிங்கர் என்ற இருவர் ஒரு வழி காட்டினார்கள், எனக்கு இந்தத் துறையிலேயே பிடித்த தந்திரம் அது. ஆணையம் ஒரே ஒரு நிபந்தனை போடுகிறது: கம்பெனி என்ன விலை வேண்டுமானாலும் வைக்கலாம், ஆனால் புதிய விலையில் போன வருடத்துச் சரக்கு அளவை வாங்கினால் ஆகும் தொகை போன வருடத்து மொத்தச் செலவைத் தாண்டக் கூடாது. நம் கம்பெனி போன வருடம் 116.26 என்ற சம விலையில் இருந்தது என்று வையுங்கள். நிலக்கரிக்கு ஒரு ரூபாய் ஏற்றினால், நிபந்தனையை மீறாமல் இருக்க, பொதுச் சரக்குக்கு 1.25 ரூபாய் குறைக்க வேண்டும். பழைய அளவில் நிலக்கரிக்காரர் கூடுதலாகத் தருவது 927 ரூபாய், பொதுச் சரக்குக்காரருக்கு மிச்சமும் 927. ஆனால் அந்த 927இல் கம்பெனிக்கு வந்து சேருவது 93 சதவீதம், 863 ரூபாய். விட்டுக்கொடுத்ததில் உண்மையில் குறைவது 72 சதவீதம், 668தான். நாளுக்கு சுமார் 195 ரூபாய் லாபம். லாபத்துக்காகவே கம்பெனி ராம்சே திசையில் நகர்கிறது. நெகிழ்ச்சி கம்பெனிக்குத் தெரிந்தால் போதும், ஆணையத்துக்குத் தெரிய வேண்டியதில்லை. அடுத்த வருடம் வரம்பு புதிய செலவுக்கும் புதிய அளவுக்கும் மாறும்போது அந்த லாபம் வாடிக்கையாளருக்குப் போகிறது, கம்பெனி மறுபடி நகர்கிறது, ஒழுகல் இரண்டிலும் சமமாகும் வரை.

பிரிட்டனில் 1984இல் தனியார்மயமான பிரிட்டிஷ் டெலிகாமுக்குப் போட்ட உச்சவரம்பு இதே குடும்பம்தான்: தனித்தனி விலைக்கு அல்ல, ஒரு கூடை விலைகளின் எடையிட்ட சராசரிக்கு வரம்பு. ஃபோகெல்சாங்–ஃபின்சிங்கர் முறையில் ஓட்டை எங்கே என்றால், வரம்பு போன வருடத்துச் செலவைப் பார்த்து வைக்கப்படுவதால், இந்த வருடம் வேண்டுமென்றே செலவைக் கூட்டிக் காட்டினால் அடுத்த வருடம் வரம்பு தளரும். தொலைநோக்கு உள்ள கம்பெனி அதைச் செய்யும். அதனால் இந்த முறையை வைக்கும் ஆணையம் நெகிழ்ச்சி அளக்கும் வேலையிலிருந்து தப்பித்துக்கொள்ளலாம், டீசல் பில்லும் சம்பளப் பட்டியலும் பார்க்கும் வேலையிலிருந்து தப்பிக்க முடியாது.